‘தே’ன்னு வந்தா தமிழ்ல என்ன போடணும்? ஆய்வுக் கட்டுரை மொழிபெயர்க்கிறவங்க அடிக்கடி கேக்கிற கேள்விகள்

இங்கிலீஷ் ஆய்வுக் கட்டுரைகளைத் தமிழ்ல கொண்டுவர்ற வேலையும், மத்தவங்க கொண்டுவந்ததைத் திருத்துற வேலையும் பல வருஷமா பண்ணிட்டு இருக்கேன். ‘தே’ மாதிரி ஆண் பெண் சொல்லாத இங்கிலீஷ் சொற்களைப் பத்தி திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருது, அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். விளக்கம் பேச்சு நடையில இருக்கும், உதாரணங்கள் மட்டும் கட்டுரையில எழுத வேண்டிய எழுத்து நடையில இருக்கும்.

தமிழ்ல வினையிலயே ஆணா பெண்ணான்னு ஒட்டிக்கிட்டு வருதே, அப்ப பால் காட்டாம ஒரு வாக்கியம் எழுதவே முடியாதா?

தாராளமா முடியும். பால் ஒட்டுறது படர்க்கையில மட்டும்தான், அதுலயும் எல்லா வினையிலயும் இல்ல. நான் வந்தேன், நீ வந்தாய் ரெண்டுலயும் ஆண் பெண் கிடையாது. படர்க்கையிலயே ‘வரவில்லை’ன்னு எதிர்மறையா சொன்னா பால் போயிடுது, அவனும் வரவில்லை அவளும் வரவில்லை. வேண்டும், கூடாது, முடியும், செய்யலாம் இதுகள்லயும் இல்ல. அவருக்குத் தெரியும், அவருக்குப் பிடிக்கும், அவருக்கு வலிக்கிறதுன்னு ‘-க்கு’ வர்ற வாக்கியங்கள்லயும் வினை ஆளைக் காட்டாது. பெயருக்கு முன்னாடி வர்ற எச்சமும் அப்படித்தான், ‘ஒப்புதல் அளித்த பங்கேற்பாளர்’னு எழுதும்போது ‘அளித்த’ங்கிறதுல ஆணும் இல்ல பெண்ணும் இல்ல.

மிச்சம் இருக்கிறது ‘சொன்னான், சொன்னாள், சொன்னார்’ மாதிரி முடியுற முற்று வினைகள், கூடவே ‘வந்தவன், வந்தவள், வந்தவர்’ மாதிரி பெயர்கள். அந்த இடங்கள்ல ‘-ஆர்’, ‘-அவர்’ போட்டா வேலை முடிஞ்சுது. ஆய்வு நெறிமுறை, வழிமுறைப் பகுதி இதெல்லாம் பெரும்பாலும் ‘வேண்டும், கூடாது’ன்னு ஓடுறதால அங்க பிரச்சனையே வராது. சிக்கல் வர்றது நேர்காணல்களை விவரிக்கிற பகுதியிலதான்.

‘தே’ன்னா ‘அவர்கள்’தானே? டிக்‌ஷனரியிலயும் அப்படித்தானே இருக்கு?

பலரைச் சொல்ற ‘தே’ன்னா அவர்கள். ஒரே ஆளைச் சொல்ற ‘தே’ன்னா அவர். இந்த ரெண்டாவது ‘தே’ இங்கிலீஷ்ல பல நூறு வருஷமா பேச்சுல இருந்தாலும், ஆய்வுக் கட்டுரையில பரவலா வர ஆரம்பிச்சது சமீபத்துலதான். அமெரிக்க உளவியல் சங்கத்தோட ஏபிஏ நடைக் கையேடு 2019ல வந்த 7வது பதிப்புல, பால் தெரியாத இல்ல பால் தேவையில்லாத ஒருத்தரைச் சொல்லவும், தன்னை அப்படித்தான் சொல்லணும்னு கேக்கிற ஒருத்தரைச் சொல்லவும் ஒருமை ‘தே’யைப் பயன்படுத்தச் சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் உளவியல், கல்வியியல், செவிலியம்னு அந்தக் கையேட்டைப் பின்பற்றுற துறைகள்ல எங்க பார்த்தாலும் இதுதான்.

இதை ‘அவர்கள்’னு போட்டா ஆய்வுல ஆள் எண்ணிக்கையே மாறிப்போகுது. ‘பங்கேற்பாளர் மருந்தை நிறுத்தினார், அவர்கள் மறுபடி மருத்துவமனைக்கு வரவில்லை’ன்னு எழுதினா வராம போனது யாரு, அந்த ஒருத்தரா, அவரோட குடும்பமா? வாசிக்கிறவங்களுக்குத் தெரியாது. இங்கிலீஷ்ல ‘தே வேர்’னு பன்மை வினையே ஒருத்தருக்கும் வர்றதால வினையைப் பார்த்து எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க முடியாது, முந்தின வாக்கியத்துல எத்தனை பேர் இருக்காங்கன்னுதான் பாக்கணும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா இதைத்தான் நான் அதிகமா திருத்துறேன். ‘கூறினார்’ ஒருத்தர், ‘கூறினர்’ பலர். நடுவுல ஒரு கால்தான் வித்தியாசம். டைப் பண்றப்ப அந்தக் கால் விழுந்துட்டா ஒரு பங்கேற்பாளர் பல பேரா ஆயிடுவார்.

‘அவன்/அவள்’னு சாய்கோடு போட்டு எழுதினா என்ன? ரெண்டு பேரையும் சொன்ன மாதிரி ஆச்சுல்ல?

ஒரு தடவை எழுதிப் பாருங்க, அடுத்த வினையிலயே மாட்டிக்குவீங்க. இங்கிலீஷ்ல சாய்கோடு பெயர்ச்சொல்லோட நின்னுடும். தமிழ்ல ‘அவன்/அவள் தன் பெயரை எழுதினான்/எழுதினாள், பிறகு வெளியேறினான்/வெளியேறினாள்’னு ஒவ்வொரு வினைக்கும் கோடு வேணும். அரை பக்கத்துல வாசிக்கிறவங்க களைச்சுப் போயிடுவாங்க. தவிர ரெண்டுலயும் சேராதவங்க வெளியதான் நிப்பாங்க, ‘தே’ வந்ததே அவங்களையும் சேர்த்துதான். மூலத்துலயே ‘ஹீ ஆர் ஷீ’ன்னு இருந்தாலும் நான் ‘அவர்’தான் போடுறேன்.

‘அவர்’னு போட்டாலும் படிக்கிறவங்க ஆம்பளைன்னுதான் நினைச்சுக்கறாங்க. அப்ப அது எப்படி பொதுவாகும்?

இது உண்மையான பிரச்சனை. எழுத்துத் தமிழ்ல ‘அவர்’ பொது. ஆனா தமிழ்நாட்டுப் பேச்சுல ‘அவரு வந்தாரு’ன்னா பெரும்பாலும் ஆண்தான், மரியாதையான பெண்ணை ‘அவங்க வந்தாங்க’ன்னுதான் சொல்றோம். யாழ்ப்பாணப் பேச்சுல இன்னும் தெளிவா பிரிஞ்சு கிடக்கு, அவர்னா ஆண், அவான்னா பெண், அவைன்னா பலர். இந்தப் பழக்கத்தோட வர்ற ஒருத்தர் கட்டுரையில ‘அவர்’னு பார்த்தா மனசுல ஆண் உருவம் வந்து உக்கார்றது இயல்புதான், அவங்களைக் குறை சொல்ல முடியாது.

இதுக்கு நான் பண்றது, ‘அவர்’ங்கிற சுட்டுப்பெயரைக் குறைச்சு அந்த இடத்துல ஆளைச் சொல்ற பெயரையே திரும்பப் போடுறது. பங்கேற்பாளர், செவிலியர், பதிலளித்தவர், நோயாளி. வினையில ‘-ஆர்’ இருந்துட்டுப் போகட்டும், ‘செவிலியர் மறுத்தார்’னு வாசிக்கும்போது ‘அவர் மறுத்தார்’ அளவுக்கு ஆண் உருவம் வராது. தமிழ்ல எழுவாயே இல்லாமலும் வாக்கியம் நிக்கும்ங்கிறதால அடுத்தடுத்த வாக்கியத்துல ‘அவர்’ஐ எடுத்துட்டாலும் ஒண்ணும் கெடாது.

இதோட சேர்த்து ‘மாணவர்’ங்கிற சொல்லைப் பாக்கணும். தனியா நின்னா பொது. ஆனா ‘மாணவர்கள் 18 பேரும் மாணவிகள் 22 பேரும்’னு ஒரு இடத்துல எழுதிட்டீங்கன்னா அந்தக் கட்டுரை முழுக்க ‘மாணவர்’ ஆணாயிடுது, அதுக்கு முன்னாடி 40 பேரையும் மாணவர்னு சொல்லியிருந்தாலும் சரி. ‘மாணவர்கள் 40 பேர், அவர்களில் பெண்கள் 22 பேர், ஆண்கள் 18 பேர்’னு எழுதினா சொல் பொதுவாவே இருக்கும். ஆசிரியர் ஆசிரியைக்கும் இதே கதிதான்.

‘தே’யோட உடைமை வடிவமான ‘தேர்’ வர்ற இடத்துல எல்லாம் ‘அவரது, அவரது’ன்னு போட்டா வாக்கியம் ரொம்ப செயற்கையா இருக்கே?

‘தன்’ போடுங்க. ‘ஒவ்வொரு மாணவரும் தன் விடைத்தாளைத் தானே திருத்தினார்.’ இந்த ஒரு சொல் தமிழ்ல இருக்கிறது இந்த வேலைக்குப் பெரிய கொடை, ஏன்னா தன், தனக்கு, தன்னை எதுலயும் பால் கிடையாது. கூடவே அது எழுவாயையே திரும்பிப் பாக்கும்ங்கிறதால யாரோடது யாரோடதுன்னு குழப்பமும் தீருது. இங்கிலீஷ் ‘தேர்’ல அந்த வசதி இல்ல.

‘அவர்’க்கு ‘தன்’ சரியா ‘தம்’ சரியான்னு அடுத்து கேப்பீங்க. மரியாதை ஒருமைக்கு ‘தம்’ போடுறது பழைய நல்ல வழக்கம், இன்னைக்கு பெரும்பாலும் ‘தன்’தான் எழுதுறாங்க. ஒருமை ‘தே’ வர்ற கட்டுரையில நான் வேணும்னேதான் ஒருத்தருக்கு ‘தன்’, பலருக்கு ‘தம்’னு பிரிச்சு வெச்சுக்கறேன், எண்ணிக்கை தெளிவா நிக்கும். நீங்க எதை எடுத்தாலும் முதல் பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் அதையே வெச்சுக்கோங்க.

டாக்டர், புரொபசர், எம்எஸ், அப்புறம் இந்த ‘எம்எக்ஸ்’, பட்டங்களை எல்லாம் எப்படி எழுதுறது?

கல்விப் பட்டங்கள்ல நமக்குக் கஷ்டமே இல்ல. முனைவர், பேராசிரியர், துணைவேந்தர், பதிவாளர், நெறியாளர் எல்லாமே ‘-ர்’ல முடியுற பொதுச் சொற்கள். சேர்பர்சனுக்குத் தலைவர், இலங்கையில தவிசாளர். பெண்ணா இருந்தா ‘தலைவி’ன்னு மாத்தாதீங்க, மூலத்துல சேர்பர்சன்னு போட்டதே அந்த வித்தியாசத்தை எடுக்கத்தான். ‘டாக்டர்’க்கு மட்டும் ஒரு நிமிஷம் நின்னு பாக்கணும், ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினவரா மருத்துவரான்னு. முதலாமவர்னா முனைவர், இலங்கை வாசகர்களுக்குன்னா கலாநிதி. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லுங்கிறதால செவிலியர் கல்வி முனைவர் ஒருத்தரை ‘மருத்துவர்’ ஆக்கின கட்டுரையைத் திருத்தியிருக்கேன்.

கஷ்டம் திரு, திருமதி, செல்வியிலதான். ‘எம்எஸ்’ங்கிற அடைமொழி கல்யாணம் ஆச்சா இல்லையான்னு சொல்ல வேணாம்னுதான் வந்துச்சு, அதைக் கொண்டுவந்து ‘செல்வி’ன்னு போட்டா கல்யாணம் ஆகாதவங்கன்னு நாமளே தகவல் சேர்க்கிறோம். ‘எம்எக்ஸ்’ ஆண் பெண்ணையும் சேர்த்து மறைக்கிற அடைமொழி, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில 2015ல சேர்த்தாங்க. ரெண்டுக்குமே தமிழ்ல ‘திருமிகு’ பொருந்தும், ஆண் பெண் கல்யாணம் எதையும் சொல்லாத சொல். பல அமைப்புகளோட அழைப்பிதழ்லயும் நன்றியுரையிலயும் இது ஏற்கனவே புழக்கத்துல இருக்கு. கட்டுரை உடல்ல அடைமொழியே தேவையில்ல, வெறும் பெயர் போதும். நன்றி சொல்ற பக்கத்துல மட்டும் வேணும்னா எல்லாருக்கும் திருமிகுன்னு போடுங்க, ஒருத்தருக்கு மட்டும் போட்டுட்டு மத்தவங்களுக்கு திரு, திருமதின்னு விட்டா அந்த ஒருத்தரைக் கை நீட்டிக் காட்டின மாதிரி ஆயிடும்.

சின்னக் குழந்தைகளைப் பத்தின ஆய்வு, அங்கயும் ‘தே’. குழந்தைக்கு ‘அது’ போட்டா மரியாதைக் குறைவா?

இல்ல. ‘குழந்தை’ சொல்லால அஃறிணை, பொருளால உயர்திணைன்னு பள்ளிக்கூட இலக்கணத்துலயே படிச்சிருக்கோம். ‘குழந்தை தன் பொம்மையை எடுத்தது’ நல்ல தமிழ், பாலும் இல்ல. ‘குழந்தை எடுத்தார்’னு எழுதினாதான் காது கூசும். ஆனா ‘சைல்ட்’ங்கிற சொல் இங்கிலீஷ்ல 14 வயசு வரைக்கும், சில ஆய்வுகள்ல 17 வரைக்கும்கூட போகுது. அந்த வயசுல உள்ளவங்களைக் குழந்தைன்னு சொல்லி ‘அது சொன்னது’ன்னு எழுதினா தப்பா நிக்கும், அங்க மாணவர், வளரிளம் பருவத்தினர்னு மாத்தி ‘-ஆர்’ போட்டுடுங்க.

கைதி, பிச்சை எடுக்கிறவங்க, கூலி வேலை செய்றவங்க, இவங்களுக்கெல்லாமா ‘சொன்னார்’னு போடுறது? ரொம்ப மரியாதையா இருந்து ஒட்டாத மாதிரி இருக்கே?

ஆமா, எல்லாருக்கும்தான். எனக்கு வர்ற கேள்விகள்லயே நான் ரொம்ப அழுத்திப் பதில் சொல்றது இதுக்குத்தான். இங்கிலீஷ் ‘தே’ பாலை மட்டும் மறைக்குது. தமிழ் ‘அவர்’ பாலை மறைக்கிறப்பவே கூட மரியாதையைக் கொண்டு வருது. பால் காட்டாத ஆனா மரியாதையும் காட்டாத ஒருமை உயர்திணை வினை விகுதி தமிழ்ல கிடையாது, அவன், அவளுக்கு அடுத்து அவர்தான். அப்ப ‘-ஆர்’ஐ எடுத்தா சிலருக்கு மட்டும் பால் வெளிய தெரியும், சிலருக்கு மட்டும் மரியாதை இருக்கும், ரெண்டு விஷயமும் ஒரே நேரத்துல உடையுது.

துப்புரவுத் தொழிலாளர்களோட உடல்நலம் பத்தின ஒரு ஆய்வேட்டு மொழிபெயர்ப்பு என் கைக்கு வந்துச்சு. மூலத்துல மருத்துவரும் ‘தே’, தொழிலாளியும் ‘தே’, யார் ஆண் யார் பெண்ணுன்னு ஆய்வாளர் வேணும்னே சொல்லல. தமிழ்ல ஒரே பக்கத்துல ‘மருத்துவர் விளக்கினார்’, நாலு வரி தள்ளி ‘தொழிலாளி கையுறை தரவில்லை என்று சொன்னான்’. மொழிபெயர்த்தவர் கெட்ட எண்ணத்துல செய்யல, கேட்டப்ப அவருக்கே அதிர்ச்சியா இருந்துச்சு, கை தானா அப்படிப் போயிருக்கு. ஆனா வாசிக்கிறவருக்கு ஆய்வாளரே தொழிலாளியைக் கீழ வெச்சுப் பேசுற மாதிரிதான் தெரியும், அதோட அந்த ஆய்வுல பேசின பெண் தொழிலாளிகள் எல்லாரும் ஒரே ‘-ஆன்’ல காணாம போயிட்டாங்க.

ஒட்டாத மாதிரி தோணுறது நம்ம பேச்சுப் பழக்கம். அதைக் குறைக்க வழி இருக்கு. முதல் பதில்ல சொன்ன பால் இல்லாத வினைகளைப் பயன்படுத்துங்க, ‘கையுறை கிடைக்கவில்லை’, ‘வேலைக்குப் போக வேண்டியிருந்தது’. இல்ல ஆளோட சொல்லையே நேர்க்கூற்றா கொடுங்க, ‘எனக்கு ஒருநாளும் கையுறை தரல’ன்னு தன்மையில வந்துட்டா பாலும் இல்ல, மரியாதைப் பிரச்சனையும் இல்ல.

‘அவர்’ பலர்பால், ஒருத்தருக்கு எழுதுறது இலக்கணப் பிழைன்னு தேர்வாளர் சிவப்பு மையில எழுதிட்டார். என்ன பதில் சொல்றது?

தொல்காப்பியத்தையே காட்டலாம். ஒருத்தரைப் பன்மையில சொல்றது வழக்குல வர்ற உயர்சொல்னு கிளவியாக்கம் சொல்லுது, இலக்கண முறைப்படி வந்தது இல்லேன்னும் அதே நூற்பா சேர்த்தே சொல்லுது. அதனால தேர்வாளர் சொல்றதுல ஒரு பாதி நியாயம் இருக்கு, அதை மறைக்க வேணாம். ஆனா வழக்கு அப்பவே இருந்துச்சு, இன்னைக்கு எழுத்துத் தமிழ்ல அதுதான் நிலைபெற்ற முறை.

இதைவிட நேரடியானது ‘ஒருவர்’ங்கிற சொல். ஒருவன், ஒருத்தின்னு தனித்தனியா இருக்கும்போதே ‘ஒருவர்’ ரெண்டு பாலுக்கும் உரியதுன்னும், அது பன்மை வினையை ஏற்கும்னும் பெயரியல்ல இருக்கு. ‘ஒருவர் வந்தார்.’ ஆள் ஒண்ணு, வினை பன்மை வடிவம், பால் பொது. இங்கிலீஷ்காரங்க ‘தே ஆர்’னு ஒருத்தருக்கு எழுதுற அதே அமைப்பு நம்மகிட்ட ரொம்பப் பழசு. ‘சம்ஒன்’, ‘எ பர்சன்’, ‘எனிஒன்’ வர்ற இடத்துல எல்லாம் ஒருவர், எவரும், யாரேனும்னு தயங்காம எழுதலாம். ‘மனிதன்’ மட்டும் வேணாம், மனிதர்னு போடுங்க.

ஒரே பத்தியில ரெண்டு மூணு ‘தே’, ஒவ்வொண்ணும் வேற ஆளைச் சொல்லுது. எப்படிப் பிரிக்கிறது?

நான் கையில எடுத்த ஒரு பத்தியையே அடையாளம் மாத்திச் சொல்றேன். இரவுப் பணி செவிலியர்கள்கிட்ட எடுத்த நேர்காணல். இங்கிலீஷ் மூலத்தோட பொருள் இது: பங்கேற்பாளர் 7 தன் மேற்பார்வையாளர்கிட்ட முறையிட்டார், ‘தே’ கேக்கல, ‘தே’யை ஒரு தாள்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, அதுக்கப்புறம் ‘தே’ பணியை மாத்திக்கிட்டார். மூணு ‘தே’. முதல் வரைவுல இப்படி இருந்துச்சு:

‘பங்கேற்பாளர் 7 அவரது மேற்பார்வையாளரிடம் கூறினார். ஆனால் அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். பின்னர் அவர்கள் பணியை மாற்றிக்கொண்டனர்.’

இதை வாசிச்சா ஒரு கும்பலே கையெழுத்துப் போட்டு வேலை மாறிப் போன மாதிரி இருக்கு. முதல் ‘தே’ மேற்பார்வையாளர், அது சூழல்லயே தெரியுது. மூணாவது பங்கேற்பாளர், அதுவும் தெரியுது. ரெண்டாவதுதான் சந்தேகம், அந்த ஒருத்தரை மட்டும் கையெழுத்துப் போடச் சொன்னாங்களா, இல்ல அந்த வார்டுல இருந்த எல்லாரையுமா? இங்கிலீஷ் ரெண்டுக்கும் இடம் கொடுக்குது, தமிழ் கொடுக்காது, ஒண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆகணும்.

நேர்காணல் தமிழ்லதான் நடந்துச்சுன்னு வழிமுறைப் பகுதியில இருந்துச்சு. அதனால ஆய்வாளருக்கு எழுதி அந்த வரியோட மூலப் பதிவைக் கேட்டேன். பதிவுல ‘என்னைய ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க’ன்னு இருந்துச்சு, ஒருத்தர்தான். இங்க ஒண்ணு கவனிங்க, பதிவுல ‘அவங்க’ன்னு இருந்திருந்தா அதுவும் உதவியிருக்காது, பேச்சுல ‘அவங்க’ மரியாதையான ஒருத்தருக்கும் வரும் பலருக்கும் வரும். அப்படி வந்தா ஆய்வாளர்கிட்டதான் கேக்கணும். கடைசியில இப்படி முடிச்சேன்:

‘பங்கேற்பாளர் 7 தன் மேற்பார்வையாளரிடம் முறையிட்டும் பயனில்லை. மேற்பார்வையாளர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மாறாக, முறையிட்டவரையே ஒரு தாளில் கையெழுத்திடச் சொன்னார்கள். அதன் பிறகு பங்கேற்பாளர் வேறு பணிக்கு மாறிக்கொண்டார்.’

‘சொன்னார்கள்’னு பன்மையில விட்டது தெரிஞ்சுதான். சொன்னது யாருன்னு மூலத்துல இல்ல, தமிழ்ல யாருன்னு சொல்லாம விட ‘-ஆர்கள்’ ரொம்ப இயல்பான வழி. ‘கேட்டுக்கொள்ளப்பட்டார்’னு செயப்பாட்டு வினை போட்டா பால் மறையும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அதுலயும் அதே ‘-ஆர்’ இருக்கு, வாக்கியம் மட்டும் விறைச்சுப் போகுது.

மேற்கோள்ல வர்ற ஆய்வாளர் ஆணா பெண்ணான்னு எனக்குத் தெரியல. தேடிப் பாக்கணுமா?

வேணாம். ‘பட்லர் வாதிடுகிறார்’னு எழுதுறதுதான் தமிழ் ஆய்வு நடை. பாலினம் பத்தி எழுதுற தத்துவ அறிஞர் ஜூடித் பட்லரை முன்னாடி இங்கிலீஷ்ல ‘ஷீ’ன்னு எழுதுவாங்க, பின்னாடி ‘தே’யை விரும்புறதா பட்லரே சொன்னதால இப்ப பலர் மாத்தி எழுதுறாங்க. தமிழ்ல பழைய கட்டுரையிலயும் புதுசுலயும் ஒரு எழுத்து மாறாது. ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ எழுதின கட்டுரைன்னா மட்டும் ‘கூறுகின்றனர்’, முன்னாடி சொன்ன அந்த ஒருமை பன்மைக் கவனம் இங்கயும் வேணும்.

ஆண் பெண் ரெண்டுலயும் தன்னைச் சேர்க்காத ஒருத்தர், ‘தே’ன்னுதான் சொல்லணும்னு கேட்டிருக்கார். அவருக்கும் வெறும் ‘அவர்’தானா? அப்ப அந்த விஷயமே தமிழ்ல காணாம போயிடாதா?

காணாம போகும், அதனால ஒரு தடவை வெளிப்படையா சொல்லிடணும். அந்த ஆள் முதல்ல வர்ற இடத்துல, ‘தன்னை ஆண் என்றோ பெண் என்றோ அடையாளப்படுத்திக்கொள்ளாத பங்கேற்பாளர், ஆங்கிலத்தில் தே என்ற சுட்டுப்பெயரைக் கேட்டுக்கொண்டவர்’னு எழுதிட்டு அப்புறம் அவர், பங்கேற்பாளர்னு போகலாம். எல்லாருக்கும் ‘அவர்’ போட்டிருக்கிற கட்டுரையில இந்த ஒரு வரி இல்லேன்னா அவர் தேர்ந்தெடுத்த விஷயம் வாசகருக்குப் போய்ச் சேரவே சேராது. ‘ஸீ’, ‘ஸிர்’ மாதிரி புதுச் சுட்டுப்பெயர் கேட்டவங்களுக்கும் இதேதான். புதுசா ஒரு வினை விகுதியை உருவாக்கிப் போடாதீங்க, அவங்களே அப்படி ஒண்ணு சொல்லியிருந்தா ஒழிய.

பெயர்ச்சொல்லுல கூடுதல் கவனம் வேணும். ‘டிரான்ஸ்ஜெண்டர்’னு பார்த்ததும் ‘திருநங்கை’ன்னு எழுதுறாங்க, திருநங்கைன்னா பெண்ணா வாழுற ஒருத்தர். ஆணா வாழுறவர் திருநம்பி. எல்லாரையும் சேர்த்துச் சொல்ல திருநர்னு ஒரு சொல் புழங்குது. சென்னை உயர் நீதிமன்றத்துல நடந்த ஒரு வழக்கைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2022ல இந்தச் சொற்களுக்கு ஒரு சொற்பட்டியலே வெளியிட்டிருக்கு. அதை எடுத்துக்கிட்டாலும், ஆய்வுல பேசினவர் தன்னை எந்தச் சொல்லால சொல்றார்னு மூலத்துல இருந்தா அந்தச் சொல்லுக்குத்தான் முதலிடம்.

சரி, ஒரு திருநங்கையை ஆய்வாளர் அழுத்தமா ‘ஷீ’ன்னு எழுதியிருக்கார். அதையும் ‘அவர்’னு பொதுவாக்கிட்டா அவங்க பெண் அடையாளத்தையே அழிச்ச மாதிரி ஆகாதா?

ஆகும், நீங்க பயப்படுறது சரி. இங்க ‘அவள்’ போட்டா முன்னாடி சொன்ன மரியாதைப் பிரச்சனை வருது, மத்த பங்கேற்பாளர் எல்லாம் ‘அவர்’ஆ இருக்கும்போது இவங்க மட்டும் ‘அவள்’னா இறக்கிப் பேசுற மாதிரி ஆயிடும். வினையில ‘-ஆர்’ஐ வெச்சுக்கிட்டு பெண் அடையாளத்தைப் பெயர்ச்சொல்லுல கொண்டுவந்துடலாம். ‘அந்தப் பெண்’, ‘மகளாக’, ‘அக்கா என்று அழைக்கப்பட்டார்’, ‘திருநங்கையான இந்தப் பங்கேற்பாளர்’. மூலத்துல ‘ஷீ’ பத்து தடவை வந்தா தமிழ்ல பெண்ங்கிறது ரெண்டு மூணு இடத்துல தெளிவா நின்னா போதும், ஆனா நிக்கணும்.

கட்டுரையே சுட்டுப்பெயர்களைப் பத்தினதுன்னா?

அப்ப மொழிபெயர்க்காதீங்க. ஹீ, ஷீ, தே மூணையும் தமிழ் எழுத்துல அப்படியே வெச்சு மேற்கோள்குறிக்குள்ள போட்டு, உதாரண வாக்கியத்துக்குக் கீழ பொருளை மட்டும் தமிழ்ல கொடுங்க. ஒருமை ‘தே’யைப் பத்தின ஒரு சோதனையில உதாரணம் எல்லாத்தையும் ‘அவர்’ ஆக்கிட்டா சோதிச்ச விஷயமே இல்லாம போயிடும். தமிழ் வாசகர்களுக்கு ‘அவர்’க்கும் ‘தே’க்கும் உள்ள அந்த மரியாதை வித்தியாசத்தை முன்னுரையில ஒரு பத்தி சொல்லிடுங்க.

எல்லாம் முடிச்சாச்சு. எங்கயாவது ‘-ஆன், -ஆள்’ தப்பிப் போயிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கோப்புல தேடல் வசதியைத் திறந்து றான், றாள், னான், னாள், தான், தாள், டான், டாள், பான், பாள், வான், வாள், வன், வள்னு ஒவ்வொண்ணா தேடுங்க. ‘தான், தாள்’ தேடினா ‘அதைத்தான்’, ‘விடைத்தாள்’ எல்லாம் வந்து நிக்கும், ‘னாள்’ல ‘முன்னாள்’ மாட்டும், அதையெல்லாம் தள்ளிட்டுப் பாக்கணும். அடுத்து ‘அவர்கள்’னு தேடி ஒவ்வொரு இடத்துலயும் மூலத்தைத் திறந்து உண்மையிலேயே பலர்தானான்னு சரிபாருங்க. அப்புறம் ‘னர்’னு தேடி, ‘பின்னர்’ மாதிரி சொற்களைத் தள்ளிட்டு, எழுவாய் ஒருத்தரா இருக்கிற இடத்துல ‘-ஆர்’னு மாத்துங்க.

கடைசியா ஆய்வுல வர்ற ஒவ்வொரு வகை ஆளுக்கும், மருத்துவர், செவிலியர், நோயாளி, காவலாளின்னு, ரெண்டு வாக்கியம் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சு வாசிங்க. தேடல்ல சிக்காத ‘வரச் சொல்லு’, ‘போகச் சொல்லுங்க’ மாதிரி மரியாதை வித்தியாசங்கள் நேர்க்கூற்றுல இருக்கும். பேசினவரே அப்படிச் சொல்லியிருந்தா அது ஆய்வோட தரவு, தொடாதீங்க. நீங்க எழுதின வரியில இருந்தா மாத்துங்க.